கோடு வெட்டும் இடத்தில் ஊசி முறிகிறது: கோல ஃபைல் விற்கும் ஒருவருக்குப் பதில்

கேள்வி: "வணக்கம் அக்கா. நான் திருகோணமலை, உப்புவெளியில் இருக்கிறேன். அம்மா போடும் 1-3-5-7-5-3-1 சிக்குக் கோலம் ஒன்றை எம்பிராய்டரி ஃபைலாகவும் தொப்பிக்கான பின்னல் சார்ட்டாகவும் கோலத் தாளாகவும் செய்து இணையத்தில் விற்கிறேன். கனடாவில் வாங்கிய ஒருவர், சாரிச் சட்டையில் அடித்தால் கோடு வெட்டும் இடமெல்லாம் கட்டி விழுந்து ஊசி முறிகிறது என்கிறார். தொப்பி பின்னியவர் கோலம் நசுங்கி வருகிறது என்கிறார். இதற்குள் இங்கே டவுனில் ஒரு தையல் கடையில், என்னிடம் வாங்காமலே என் கோலத்தைச் சாரிக்கு அடித்துக் கொடுக்கிறார்கள். நான் எங்கே பிழை விட்டேன்? லைசென்ஸில் என்ன எழுத வேண்டும்? ஃபைல்களையும் இணைத்திருக்கிறேன்."

வணக்கம் தங்கச்சி. ஃபைல்களைத் திறந்து பார்த்தேன். ஊசி முறிவதற்குக் காரணம் கனடாக்காரரின் மெசின் அல்ல, ஃபைல்தான். அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நீங்கள் கோலக் கோட்டை, பக்கவாட்டில் நெருக்கமாகப் போய்வரும் சாட்டின் தையலால் 2.5 மில்லிமீட்டர் அகலப் பட்டையாக மாற்றி, தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே ஓட்டமாக விட்டிருக்கிறீர்கள். தையல் நெருக்கம், அதாவது அடுத்தடுத்த தையல்களின் இடைவெளி, 0.4 மி.மீ. சாதாரண 40ஆம் நம்பர் எம்பிராய்டரி நூலுக்கு இந்த அகலமும் நெருக்கமும் சரியானவை. கோடு தனியாக ஓடும் இடத்தில் ஒரு குறையும் இல்லை. ஒரு கோடு இன்னொன்றைத் தாண்டும் இடத்தில்தான் சிக்கல். அங்கே முதல் கோட்டைத் தாங்க அடியில் போடும் அடித்தையல், அதன் மேல் சாட்டின், பிறகு இரண்டாம் கோட்டின் அடித்தையல், அதன் மேலும் சாட்டின் என்று நான்கு அடுக்கு விழுகிறது. 2.5 மி.மீ. சதுரத்துக்குள் இவ்வளவு நூல் அடைந்தால் ஊசிக்கு இறங்க இடம் இருக்காது. அது வளைந்து கீழே உள்ள தகட்டில் படும், முறியும். முறியாவிட்டாலும் நூல் பிசிறி அறும்.

இப்படி எத்தனை இடம் என்று எண்ணிப் பாருங்கள். உங்கள் கோலத்தில் 25 புள்ளி. பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்கு நடுவே ஒவ்வொரு இடத்திலும் கோடு வெட்டுகிறது. குறுக்கே எண்ணினால் 2, 4, 6, 4, 2 என்று 18. நெடுக்கே எண்ணினாலும் 18. ஆக 93 மி.மீ. அகலமுள்ள ஒரு கோலத்தில் 36 கட்டி. மெல்லிய சாரிச் சட்டைத் துணி அதைத் தாங்காது. தடித்த பொப்ளின் துணியில் நீங்கள் அடித்துப் பார்த்தபோது தப்பியிருக்கும். படத்தில் தெரியாத இந்தக் கட்டி, விரலால் தடவினால் உடனே தெரியும்.

பின்னல் முடிச்சு மாதிரியான டிசைன்களுக்கு டிஜிட்டைசிங் செய்பவர்கள், அதாவது படத்தைத் தையல் ஃபைலாக மாற்றுபவர்கள், வழக்கமாகச் செய்வது, ஒரு கோட்டை மேலே, அடுத்த வெட்டில் கீழே, மறுபடி மேலே என்று மாற்றி மாற்றிக் காட்டுவது. கீழே போகும் கோட்டை அந்த இடத்தில் அறுத்துவிடுவார்கள். அதைச் சிக்குக் கோலத்தில் அப்படியே செய்தால் வேறு தொல்லை வரும். கோடு ஒரே ஓட்டமாகத் தைக்கப்படுவதால், சில வெட்டுகளில் மேலே போக வேண்டிய கோடு முதலில் தைக்கப்பட்டுவிடும். கீழே போக வேண்டியது பிறகு வந்து, முன்பு தைத்த சாட்டினின் மேலேயே இணைப்பு நூலை இழுத்துக்கொண்டு போகும். அது கண்ணுக்குத் தெரியும். தெரியாமலிருக்க அங்கே நூலை வெட்ட வேண்டும். வெட்டினால் ஒவ்வொரு முறையும் முடிச்சு, நூல் நுனி, நேரம் எல்லாம் கூடும். தானாக நூல் வெட்டாத சின்ன மெசின் வைத்திருப்பவர் கத்தரியோடு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

கோலத்துக்கு இந்தக் கட்டாயம் இல்லை. மாவால் தரையில் போடும் கோட்டில் எது மேலே, எது கீழே என்று எவரும் கேட்பதில்லை. எனவே ஒரே ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு வெட்டுக்கு ஊசி முதல்முறை வரும்போது கீழே போகட்டும், இரண்டாம் முறை வரும்போது மேலே போகட்டும். இப்படிச் செய்தால் இணைப்பு நூல் எப்போதும் பிறகு வரும் சாட்டினுக்கு அடியில் மறையும், ஒரு வெட்டில்கூட நூல் அறுக்க வேண்டியிராது.

கோலத்தின் உச்சியில் தனியாக நிற்கும் புள்ளியை வைத்துச் செய்து காட்டுகிறேன். அந்தப் புள்ளிக்கும் அதற்குக் கீழ் வரியின் நடுப் புள்ளிக்கும் இடையில் ஒரு வெட்டு இருக்கிறது. கோடு கீழிருந்து ஏறி அந்த வெட்டுக்கு முதல்முறை வருகிறது. வெட்டின் நடு மையத்துக்கு 0.75 மி.மீ. இருக்கும்போதே சாட்டினை நிறுத்துங்கள். அங்கிருந்து ஒரே ஒரு ஓட்டுத்தையல், 1.5 மி.மீ. நீளம், மறுபக்கம் போகட்டும். மையத்தைத் தாண்டி 0.75 மி.மீ. போனதும் சாட்டின் மறுபடி தொடங்கட்டும். கோடு உச்சிப் புள்ளியைச் சுற்றிக்கொண்டு திரும்ப அதே வெட்டுக்கு வரும். இது இரண்டாம் முறை. இப்போது 2.5 மி.மீ. சாட்டின் இடைவெளி விடாமல் குறுக்கே போகலாம். அதன் பாதி அகலம் 1.25 மி.மீ. என்பதால், முன்பு நிறுத்திய இரண்டு நுனிகளும் அரை மில்லிமீட்டர் அதற்கு அடியில் ஒளிந்துகொள்ளும்.

அந்த அரை மில்லிமீட்டரைக் குறைக்க வேண்டாம். சாட்டின் தையல் இறுகும்போது துணியை இரண்டு பக்கமிருந்தும் உள்ளே இழுக்கும். திரையில் 2.5 மி.மீ. இருந்த பட்டை துணியில் அதைவிட ஒடுங்கித்தான் வரும். நுனிகள் அடியில் போதிய அளவு போகாவிட்டால் வெட்டின் ஓரத்தில் துணி எட்டிப் பார்க்கும். இந்த ஒடுக்கத்துக்கு ஈடாகப் பட்டைக்கு 0.2 மி.மீ. கூட்டிக் கொடுக்கும் அமைப்பு பெரும்பாலான டிஜிட்டைசிங் மென்பொருளில் இருக்கிறது, இலவசமாகக் கிடைக்கும் Ink/Stitch இலும் இருக்கிறது. அதைப் போட்டுவிடுங்கள். மேலே போகும் பட்டையின் அடித்தையலை நடுக்கோடு ஒன்றாக மட்டும் வையுங்கள், ஓரத்து அடித்தையல் வேண்டாம்.

இன்னொன்று. ஒரு கோலம் ஒரே கோட்டில் முடியலாம், இரண்டு மூன்று தனிக் கோடுகளாகவும் இருக்கலாம். தாளில் விரல் வைத்துச் சுற்றிப் பாருங்கள். எத்தனை தனிக் கோடோ அதற்கேற்பத்தான் நூல் வெட்டு இருக்க வேண்டும். அதைவிடக் கூடினால் ஃபைலில் எங்கோ கோடு அறுந்திருக்கிறது என்று அர்த்தம்.

அளவு மாற்றுவதைப் பற்றியும் இங்கேயே சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் கனடா வாடிக்கையாளர் கோலத்தைத் தன் மெசின் திரையில் சிறிதாக்கியிருக்கவும் கூடும். .DST, .PES போன்ற ஃபைலில் இருப்பது தையல்களின் வரிசை, கோட்டின் உருவம் அல்ல. தையலின் எண்ணிக்கை மாறாமல் அளவை 80 சதவீதமாகக் குறைத்தால், 0.4 மி.மீ. நெருக்கம் 0.32 ஆகும். பாதியாகக் குறைத்தால் 0.2. கட்டி இல்லாத இடமும் கட்டியாகிவிடும். 130 சதவீதமாகப் பெருக்கினால் 0.52 ஆகி, பட்டைக்கு நடுவே துணி தெரியும். சில மெசின்கள் தையலைத் திரும்பக் கணக்கிடும், பல கணக்கிடாது. எனவே 10 சதவீதத்துக்கு மேல் மாற்ற வேண்டாம் என்று தகவல் தாளில் எழுதுங்கள். வேறு அளவு வேண்டுமென்றால் அதை நீங்களே தனியாகச் செய்து கொடுங்கள். 100 மி.மீ. பிரேமுக்கு இந்த 93 மி.மீ. சரி. 60 மி.மீ. அளவு செய்தால் புள்ளிக்குப் புள்ளி 8 மி.மீ.தான் வரும், அதற்குள் சாட்டின் பட்டை நெரியும். அந்த அளவுக்குச் சாட்டினை விட்டுவிட்டு, ஒரே தடத்தில் மூன்று முறை போய் வரும் ஓட்டுத்தையலாகச் செய்யுங்கள். அதில் வெட்டுமிடத்தை அறுக்கவே தேவையில்லை.

அடித்துப் பார்ப்பது என்றால் ஒரு துணியில் ஒரு முறை அடித்துப் படம் எடுப்பது அல்ல. வாங்குபவர் எதில் அடிப்பாரோ அதில் அடிக்க வேண்டும். இந்தக் கோலத்துக்கு மூன்று துணி போதும்: பொப்ளின், பட்டுச் சாரிச் சட்டைத் துணி, ரீசேர்ட் துணி. ஊசி 75/11, நூல் 40. துணியைத் தாங்கிப் பிடிக்க முதல் இரண்டுக்கும் அடியில் கிழித்தெடுக்கும் ஸ்டெபிலைசர், இழுபடும் ரீசேர்ட்டுக்கு வெட்டியெடுக்கும் வகை. நம் ஊரில் ஐப்பசி முதல் தை வரை மழைக்காற்று ஈரத்தில், தண்ணீரில் கரையும் வகை ஸ்டெபிலைசர் பிசுபிசுத்து ஒட்டிக்கொள்ளும். அதைக் காற்றுப் புகாத பையில் வைத்திருங்கள், சோதனைக்கு அதை நம்பவும் வேண்டாம்.

அடித்து முடிந்ததும் முதலில் பின்பக்கம் திருப்புங்கள். சாட்டின் பட்டையின் நடுவில் மூன்றில் ஒரு பங்கு பொபின் நூல் தெரிய வேண்டும். பின்பக்கம் முழுவதும் மேல்நூலாக இருந்தால் மேல்நூல் இறுக்கம் போதாது. பொபின் நூல் முன்பக்கம் எட்டிப் பார்த்தால் மேல்நூல் அதிகமாக இறுகியிருக்கிறது. இது மெசினின் குறை, ஃபைலின் குறை அல்ல. இதைச் சரியாக்காமல் ஃபைலைப் பற்றி எந்த முடிவுக்கும் வரக்கூடாது.

அப்புறம் பிரேமிலிருந்து கழற்றி, ஒரு அளவுகோலால் குறுக்கே ஒருமுறை, நெடுக்கே ஒருமுறை அளவுங்கள். இரண்டும் 93 மி.மீ. அருகில் இருக்க வேண்டும். ஒன்று 93, மற்றது 90 என்றால் துணி ஒரு திசையில் இழுபட்டிருக்கிறது. கோடு தொடங்கிய இடமும் முடிந்த இடமும் சேர்கிறதா என்று பாருங்கள். சேராவிட்டால் தைக்கும்போது துணி பிரேமுக்குள் நழுவியிருக்கிறது. பிறகு வெட்டுமிடங்களை ஒவ்வொன்றாக விரலால் தடவுங்கள். கடைசியாக ஒரு முறை கழுவி, நிழலில் உலர்த்திப் பாருங்கள். பிரேமில் இருக்கும்போது தட்டையாகத் தெரியும் துணி, கழுவிய பிறகுதான் தன் சுருக்கத்தைக் காட்டும். விற்பனைப் படத்துக்குக் கழுவிய துண்டையே எடுங்கள். வாங்குபவரின் கையில் கடைசியில் இருக்கப்போவது அதுதான்.

திருத்திய ஃபைலில் ஏறக்குறைய 5,400 தையல் வரும். நிமிடத்துக்கு 600 தையல் ஓடும் மெசினில் சுமார் ஒன்பது நிமிடம். தையல் எண்ணிக்கை, அளவு, எந்தத் துணி, எந்த ஊசி, எந்த நூல், அடியில் என்ன என்று சோதனை செய்ததை அப்படியே ஒரு பக்கத் தகவல் தாளில் எழுதி ஃபைலோடு கொடுங்கள். வேறு வகை மெசின் வைத்திருக்கும் ஒருவரிடம் அதே ஃபைலை அடித்துத் தரச் சொல்லுங்கள். .DST நூலின் நிறத்தைச் சரியாக வைத்துக்கொள்ளாது, எங்கே நிறுத்தி நூல் மாற்ற வேண்டும் என்பது மட்டும்தான் அதில் இருக்கும். உங்கள் கோலம் ஒரே நிறம் என்பதால் இப்போதைக்குத் தொல்லையில்லை. பூ வைத்த கோலம் செய்யும்போது நிற வரிசையைத் தகவல் தாளில் எழுத மறக்க வேண்டாம்.

இனி தொப்பி. கோலம் நசுங்கி வருவதற்குக் காரணம், நீங்கள் சதுரக் கட்டத் தாளில் சார்ட் வரைந்திருப்பது. பின்னலில் ஒரு கண்ணி சதுரமாக இருக்காது, உயரத்தைவிட அகலம் கூடியது. உங்கள் தகவல் தாளில் 10 சென்டிமீட்டருக்கு 24 கண்ணி, 28 வரி என்று கொடுத்திருக்கிறீர்கள். சார்ட்டில் கோலம் 30 கட்டம் அகலம், 30 கட்டம் உயரம். பின்னினால் அகலம் 12.5 செ.மீ. வரும். உயரம் 10.7 செ.மீ.தான் வரும். கிட்டத்தட்ட இரண்டு சென்டிமீட்டர் வரும் அந்தக் குறைவுதான் அவர் சொல்லும் நசுங்கல்.

24க்கும் 28க்கும் உள்ள விகிதம் 6க்கு 7. அதனால் புள்ளிக்குப் புள்ளி அகலத்தில் 6 கண்ணி, உயரத்தில் 7 வரி என்று வைத்தால் கணக்கு நேராக வரும். ஐந்து புள்ளிக் கோலம், அதாவது 1-3-5-3-1, 30 கண்ணி அகலமும் 35 வரி உயரமும் எடுக்கும். இரண்டும் 12.5 செ.மீ. நான்கு கோலம் சுற்றிவர வைத்தால் 120 கண்ணி, 50 செ.மீ., பெரியவர் தொப்பிக்குப் பொருந்தும். ஏழு புள்ளிக் கோலத்தைத் தொப்பியில் வைக்க வேண்டாம். அது 49 வரி, 17.5 செ.மீ. உயரம் கேட்கும், உச்சியைக் குறைக்க இடமிருக்காது. நீங்கள் இப்போது அதை 30 கட்டத்துக்குள் நெருக்கியிருப்பதால்தான் வளைவுகள் படிக்கட்டாகத் தெரிகின்றன.

7 ஒற்றை எண் என்பதால் மேலும் கீழுமான இரண்டு புள்ளிகளுக்கு நடுவே வரும் வெட்டு ஒரு வரியில் அடங்காது, இரண்டு வரியில் பரவும். பின்னி முடித்தால் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் சார்ட் வரையும்போது எல்லா வெட்டுகளையும் ஒரே மாதிரி வைக்க வேண்டும், ஒன்றில் ஒரு வரியும் மற்றதில் இரண்டுமாக இருந்தால் அது பளிச்சென்று தெரியும்.

இரண்டு நிறத்தில் பின்னும்போது பயன்படாத நூல் பின்பக்கமாக ஓடும். அது ஐந்து கண்ணிக்கு மேல் தொடர்ந்து ஓடினால் விரல் மாட்டும், இழுபட்டுத் துணி சுருங்கும். கோலத்தின் நடுப்பகுதியில் கோடு அடிக்கடி வருவதால் பயமில்லை. உச்சி வரிகளைப் பாருங்கள். அங்கே ஒரு கோலத்தின் உச்சிக்கும் அடுத்ததன் உச்சிக்கும் இடையே கோட்டு நிறம் இல்லாமல் இருபதுக்கும் மேற்பட்ட கண்ணிகள் வெறுமையாகக் கிடக்கின்றன. பின்பக்கம் பத்து சென்டிமீட்டர் அளவுக்கு நூல் தொங்கும். பின்னுபவர்கள் இடையிடையே நூலைக் கோர்த்துக்கொள்ளலாம், ஆனால் அவ்வளவு நீளத்தில் அது முன்பக்கம் நிழலாகத் தெரியும். கோலங்களுக்கு இடையில் வரும் முக்கோண இடங்களில் நான்கு கண்ணிக்கு ஒரு புள்ளி என்று நிரப்பிவிடுங்கள். கோலத்துக்கு அது அழகாகவும் இருக்கும்.

சார்ட்டில் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். கறுப்பு வெள்ளையில் அச்செடுப்பவருக்குச் சிவப்பும் நீலமும் ஒரே சாம்பல்தான். கோட்டு நிறக் கட்டத்துக்குள் ஒரு குறியும் போடுங்கள். ஐந்து கட்டத்துக்கு ஒரு தடித்த கோடு இருந்தால் எண்ணுவது எளிது. தொப்பி வட்டமாகப் பின்னப்படுவதால் எல்லா வரியையும் வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும், வரி எண்களும் வலப்பக்கத்திலேயே இருக்க வேண்டும். உங்கள் சார்ட்டில் இரட்டை வரி எண்கள் இடப்பக்கம் இருக்கின்றன. அது திருப்பித் திருப்பிப் பின்னும் சார்ட்டுக்கான முறை. அதைப் பார்த்துப் பழக்கப்பட்டவர் இரட்டை வரிகளை எதிர்த்திசையில் படித்துவிடுவார்.

திருகோணமலை வெயிலில் கம்பளித் தொப்பி போடுவாரில்லை. அதற்காகப் பருத்தி நூலில் பின்னிப் பார்த்துவிட்டு அந்த அளவைக் கம்பளிக்குக் கொடுக்கக் கூடாது. பருத்தி இழுபடாது, கண்ணியின் வடிவமும் வேறு. வெறும் ஒற்றை நிறத் துண்டில் எடுத்த அளவும் உதவாது, இரண்டு நிறத்தில் பின்னும்போது கண்ணி ஏறக்குறையச் சதுரத்தை நோக்கி இறுகும். எந்த நூலைச் சொல்கிறீர்களோ அதே நூலில், இரண்டு நிறத்தில், வட்டமாகப் பின்னி, நனைத்து உலர்த்திய பிறகுதான் அளக்க வேண்டும். வெளிநாட்டில் பின்னத் தெரிந்த சொந்தக்காரர் ஒருவரிடம் சார்ட்டை மட்டும் அனுப்பி, விளக்கம் எதுவும் போனில் சொல்லாமல் பின்னச் சொல்லுங்கள். அவர் எங்கே நின்று கேள்வி கேட்கிறாரோ அங்கே தாளில் ஒரு வரி குறைகிறது.

கோலத் தாளைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை, அது நன்றாகவே இருக்கிறது. வெட்டித் தகடாகப் பயன்படுத்துபவர்களுக்காக ஒரு மூலையில் 5 செ.மீ. பக்கமுள்ள சதுரம் ஒன்று போடுங்கள், அச்செடுத்ததும் அதை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். அச்சிடும்போது `Fit` தெரிவு இருந்தால் அளவு மாறிவிடும், `Actual size` இருக்க வேண்டும். கனடாவில் வழக்கம் A4 அல்ல, Letter தாள். அது A4 ஐவிட 18 மி.மீ. குட்டை, அகலம் 6 மி.மீ. கூட. ஓரத்தில் இடம் விட்டு, இரண்டிலும் அடங்குகிற மாதிரி அமையுங்கள்.

கடைக்காரர் விஷயத்துக்கு வருகிறேன். முதலில் அவர் உங்கள் ஃபைலைத்தான் அடிக்கிறாரா என்று பாருங்கள். அம்மாவின் கோலம் பரம்பரையாக வாசல்களில் போடப்படுவது. அதைப் பார்த்து இன்னொருவர் தானே வரைந்து தானே ஃபைல் செய்தால் நீங்கள் தடுக்க முடியாது. உங்களுக்குச் சொந்தமானது நீங்கள் வரைந்த படம், நீங்கள் அமைத்த சார்ட், நீங்கள் செய்த தையல் ஃபைல். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, இப்படிப்பட்ட ஆக்கத்துக்கான பதிப்புரிமை அது உருவானதுமே வந்துவிடுகிறது, பதிவு செய்யக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் இது நான் செய்தது, இந்தத் திகதியில் செய்தது என்று காட்ட வேண்டியவர் நீங்கள். அதனால் மென்பொருளில் திருத்தக்கூடிய வேலை ஃபைலையும், பென்சில் வரைவையும், சோதனைத் துண்டுகளையும் திகதியோடு பத்திரமாக வையுங்கள். வேலை ஃபைலை எந்தக் காரணத்துக்கும் விற்க வேண்டாம், தையல் ஃபைல் மட்டும் வெளியே போகட்டும்.

ஒரே ஃபைலா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. .DST ஃபைலின் தொடக்கத்தில் படிக்கக்கூடிய எழுத்தில் ஒரு குறிப்பு இருக்கும். திருத்திய ஃபைலை எழுத்துத் திருத்தி ஒன்றில் திறந்தால் மேலே இப்படித் தெரியும்:

```
LA:PULLI25-93MM
ST:   5412
CO:  0
+X:  465
-X:  465
```

முதல் வரி பெயர், அடுத்தது தையல் எண்ணிக்கை, பிறகு நிற மாற்றம், பிறகு நடுவிலிருந்து வலத்துக்கும் இடத்துக்கும் உள்ள தூரம், பத்தில் ஒரு மில்லிமீட்டர் கணக்கில். பெயரை வேறு மென்பொருள் மாற்றிவிடக்கூடும். கடையில் உள்ளதிலும் உங்கள் பழைய ஃபைலிலும் எண்ணிக்கையும் அளவும் ஒத்திருந்து, கோடு தொடங்கும் இடமும் ஒன்றாக இருந்தால் அது தற்செயல் அல்ல. இனிச் செய்யும் ஃபைல்களின் பெயர் வரியில் உங்கள் அடையாளம் ஒன்றை வையுங்கள்.

கடைக்காரர் கையில் அது எப்படிப் போயிருக்கும்? நம் ஊரில் எம்பிராய்டரி மெசின் வீட்டில் வைத்திருப்பவர்கள் குறைவு. உங்களிடம் வாங்கிய யாரோ ஒருவர் ஃபைலைப் பென் டிரைவில் போட்டுக் கடைக்குக் கொண்டுபோய், தன் சாரிக்கு அடித்துத் தரக் கேட்டிருப்பார். அதில் அவர் தவறு எதுவும் செய்ததாக நினைத்திருக்க மாட்டார், உங்கள் லைசென்ஸிலும் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஃபைல் கடைக் கொம்பியூட்டரில் தங்கிவிட்டது, அடுத்தவருக்கும் அடித்தாயிற்று. "தனிப்பட்ட பாவனைக்கு மட்டும்" என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியால் இந்த இடத்தில் ஒன்றும் ஆகாது. கடையில் கொடுத்து அடிப்பதும் தனிப்பட்ட பாவனைதானே என்று கேட்டால் பதில் இல்லை.

நான் எழுதுவதாக இருந்தால் இப்படி எழுதுவேன்: "இந்த ஃபைலை வாங்கியவர் தமக்காகவும் அன்பளிப்புக்காகவும் எத்தனை முறையும் தைக்கலாம். தாமே தைத்த பொருள்களை ஆண்டுக்கு 50 வரை விற்கலாம். தம் மெசினுக்கு ஏற்ற வேறு வடிவத்துக்கு ஃபைலை மாற்றிக்கொள்ளலாம். தமக்காகத் தைத்துத் தரும் கடைக்கு ஃபைலைக் கொடுக்கலாம், ஆனால் அந்த வேலை முடிந்ததும் கடை அதை அழித்துவிட வேண்டும், வேறு எவருக்கும் அதில் தைக்கக் கூடாது. ஃபைலையோ சார்ட்டையோ அவற்றின் திருத்திய வடிவத்தையோ விற்கவும் பகிரவும் குழுக்களில் போடவும் அனுமதி இல்லை. கடைகளும் 50க்கு மேல் விற்பவர்களும் தனி லைசென்ஸ் பெற வேண்டும்."

50 என்ற எண்ணை நீங்கள் மாற்றிக்கொள்ளலாம். எண்ணே இல்லாமல் "சிறு அளவில்" என்று மட்டும் விட வேண்டாம். தைத்த பொருளை விற்கவே கூடாது என்று எழுதுவதும் எனக்குப் பிடிக்காது. வீட்டிலிருந்து நாலு சட்டை தைத்து விற்கிற பெண்தான் உங்கள் ஃபைலைத் தேடி வாங்குகிறார், அவரைத் தடுத்தால் வாங்கவே மாட்டார். காக்க வேண்டியது ஃபைல். இந்த வாசகம் விற்பனைப் பக்கத்திலேயே, காசு கட்டுவதற்கு முன் கண்ணில் படும்படி இருக்க வேண்டும். சிப் ஃபைலுக்குள் மட்டும் இருந்தால், வாங்கிய பிறகுதான் தெரிந்தது என்று சொல்ல இடம் கொடுக்கிறீர்கள். தமிழிலும் ஆங்கிலத்திலும் போடுங்கள்.

கடைக்கு நேரில் போங்கள். கடிதம், சட்டம் எல்லாம் இப்போது வேண்டாம். சோதனைத் துண்டையும், தையல் எண்ணிக்கை தெரியும் அச்சையும் கொண்டுபோய், "அண்ணை, இது நான் செய்த ஃபைல். அடிக்கிறதில எனக்குப் பிரச்சினையில்லை, கடைக்கென்று ஒரு லைசென்ஸ் எடுங்கோ" என்று கேளுங்கள். கடை லைசென்ஸுக்குத் தனி விலையைவிடப் பத்து மடங்கு கேட்பது நியாயம் என்று நினைக்கிறேன், பெயர் போட்டு எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அவரிடம் இருப்பது கட்டி விழும் பழைய ஃபைல். திருத்தியதை அடித்துக் காட்டினால் அவரே கேட்பார். மறுத்தால் மட்டும், ஆதாரங்களோடு ஒரு சட்டத்தரணியிடம் போகலாம்.

அதற்கு முன் இன்றே செய்ய வேண்டியது, பழைய ஃபைலை விற்பனையிலிருந்து எடுப்பது. திருத்தி, மூன்று துணியிலும் அடித்துப் பார்த்தபின், பெயரில் `v2` சேர்த்து, இதுவரை வாங்கிய எல்லாருக்கும் காசு வாங்காமல் அனுப்புங்கள், பழையதை அழித்துவிடச் சொல்லுங்கள். கனடாக்காரரிடம் இன்னொன்றும் கேளுங்கள்: அடித்த துண்டின் முன்பக்கப் படம் வேண்டாம், பின்பக்கப் படம் ஒன்று அனுப்பச் சொல்லுங்கள். அவர் மெசினின் நூல் இறுக்கம் சரியா, துணி நழுவியதா என்பது அதில் தெரிந்துவிடும்.

அன்புடன்,
அக்கா